கலைச்சொல் தேவை: ஒரே அறிக்கைக்கு மூன்று அளவில் எழுதும் சுருக்கம்

பொன்னி: அவசரத்தில் பார்ப்பவருக்கு ஒரு தலைப்பு வரி, முடிவெடுப்பவருக்கு ஒரு பத்தி, துறையில் இருப்பவருக்கு இரண்டு பக்கம். ஒரே அறிக்கையை இப்படி மூன்றாகத் தருவதற்கு 'அடுக்குச் சுருக்கம்' பொருந்துமா?

சேகர்: அடுக்குத்தொடர் நினைவுக்கு வருகிறது, சொன்னதையே சொல்வது போல் படும். நம் மரபில் தொகை, வகை, விரி இருக்கிறதே! சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அடியாருக்குப் பெரும்பாலும் ஒரு வரி, நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் ஒரு பாட்டு, சேக்கிழாரிடம் முழு வரலாறு. 'தொகைவிரிச் சுருக்கம்' என்போம். விரியை எழுதி, அதை வெட்டினால் வகை. அதையும் வெட்டினால் தொகை.

மீனா: சொல் அழகு, ஐயா. வெட்டும் முறைதான் ஆபத்து. காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கையைப் பாருங்கள். 1850–1900ஐ விட 2011–2020இல் புவியின் மேற்பரப்பு வெப்பநிலை 1.09 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. இது அளந்து கண்டது. மனிதரால் கூடியது 1.07, அது 2010–2019க்கான மதிப்பீடு, வீச்சு 0.8 முதல் 1.3 வரை. விரியில் இரண்டும் தனித்தனியே நிற்கும். பத்தியாக வெட்டும்போது ஆண்டுகளும் வீச்சும் உதிரும். தலைப்பு எழுதுபவர் பத்தியை மட்டும் பார்த்து, 'மனிதர் புவியை 1.09 டிகிரி சூடாக்கினர்' என்று போட்டுவிடுவார். அறிக்கையில் அப்படி இல்லை.

ஆகவே ஒவ்வொன்றையும் மூல அறிக்கையைத் திறந்துவைத்தே எழுத வேண்டும். இங்கே தலைப்புக்கு எண்ணே வேண்டாம்: 'மனிதச் செயல்பாடு வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருப்பதில் ஐயமில்லை.' பத்தியில் 1.07ஐ வீச்சோடு சொல்லலாம். இரண்டு எண்களும் ஏன் வேறு என்பது விரிக்கு உரியது. முடித்தபின் கீழ்நோக்கிச் சரிபாருங்கள்: தலைப்பு சொல்வது பத்தியில் இருக்கிறதா, பத்தியின் எண் அதே ஆண்டுகளோடு விரியில் இருக்கிறதா என்று.

இராசு: எங்கள் மென்பொருளில் 'விரி' என்ற பொத்தான் ஏற்கெனவே உண்டு, அழுத்தினால் மூடிய பகுதி திறக்கும். 'தொகை' என்றால் பணம் என்று நினைப்பார்கள். பொத்தானில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.

பொன்னி: பொத்தானுக்கு இல்லை இராசு, ஆவண வகைக்குப் பெயர் கேட்டேன். ஆனால் 'தொகை' குழப்பும் என்பது நியாயம்தான். 'பன்னிலைச் சுருக்கம்'? உள்ளே தலைப்பு வரி, பத்திச் சுருக்கம், விரிசுருக்கம்.

சேகர்: மூலத்தைப் பார்த்தே எழுத வேண்டும் என்பதை ஏற்கிறேன். 'விரிசுருக்கம்' மட்டும் காதில் இடிக்கிறது. விரிப்பதா, சுருக்குவதா?

மீனா: 'பன்னிலை' எனக்குச் சம்மதம். பத்தியை மட்டும் படிப்பவருக்கும் அது முழுமையாக இருக்க வேண்டும். 'அடுக்கு' என்றால் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதாகிவிடும். மூன்றாவதற்கு 'விரிவான சுருக்கம்' என்றே எழுதலாமே.

சேகர்: அது விளக்கம், கலைச்சொல் ஆகாது.

பொன்னி: பட்டியலில் 'பன்னிலைச் சுருக்கம்' சேர்க்கிறேன். மூன்றாவது நிலைக்கு இடம் காலியாக இருக்கட்டும், பரிந்துரை அனுப்புங்கள்.