மிளகுச் சரத்தில் மஞ்சள்: பழுத்ததா, கொடி வாடுகிறதா? (4 படங்கள்)

லாபிஸ்_கொடிக்கால்
வணக்கம். லாபிஸ் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி 60 மிளகுக் கொடி நிற்கிறது. கூச்சிங் ரகம், சிமெண்டுக் கால், நட்டு நாலாவது வருடம். ஏப்ரல் மழையில் பூச்சரம் விட்டது. இப்போது நவம்பர் முதல் வாரம்.

படம் 1: சரத்தில் ரெண்டு மூணு மணி ஆரஞ்சாக இருக்கிறது, மற்றதெல்லாம் கரும்பச்சை. படம் 2: இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. படம் 3: கால்வாய் ஓரக் கொடியின் சரம், முழுதும் வெளிர்மஞ்சள். படம் 4: பச்சை மணிகளுக்கு நடுவே அங்கங்கே கறுத்த மணிகள்.

மழை பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொண்டு வா என்கிறார் டவுனில் வாங்குபவர். 60 கொடியையும் ஒரேயடியாக உருவிவிடலாமா? இலை மஞ்சளுக்கு என்ன போடுவது?

பச்சை_பசார்
சரத்தில் ஒன்றிரண்டு மணி நிறம் மாறிவிட்டால் கருமிளகுக்குப் பறிக்கலாம், அதுதான் கணக்கு. படம் 1ம் 3ம் தயார். படம் 3 முழுசாகவே பழுத்துவிட்டது, அதை முதலில் பறியுங்க. படம் 4ல் கறுத்தது முற்றிக் கொடியிலேயே காய்ந்தது. இலைக்கு மெக்னீசியம் பற்றாக்குறை. செம்பனைக்குப் போடும் கீசரைட்டையே 60 கொடிக்கும் போடுங்க, சரியாகிவிடும்.

தூர்பார்
பச்சை_பசார் சொன்ன கணக்கு படம் 1க்குச் சரி. படம் 3க்கு அதையே வைத்தால் பதரைத்தான் பறிப்பீர்கள்.

பழுக்கிற சரத்தில் மணிகள் ஒன்றொன்றாகத்தான் நிறம் மாறும். ஒரு மணி ஆரஞ்சாக இருக்கும்போது பக்கத்து மணி கரும்பச்சையாக, பளபளப்பாக, பருத்து நிற்கும். சரத்தின் காம்பும் பச்சையாகவே இருக்கும். படம் 1 அப்படித்தான் இருக்கிறது. படம் 3ல் எல்லா மணியும் ஒரே அளவு வெளுத்திருக்கின்றன, பளபளப்பு இல்லை, காம்பும் மஞ்சள். மணிகளும் படம் 1ல் உள்ளதைவிடச் சிறியவை. பழுத்த மணி சிறுக்காது. வேரிலிருந்து வரவேண்டியது வராமல் போனால்தான் சரம் இப்படி ஒரே சீராக வெளுக்கும்.

படம் 2 பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் சிமெண்டுக் காலே மஞ்சளாகத் தெரிகிறது, கவனித்தீர்களா? சாயங்கால வெயிலிலோ பல்பு வெளிச்சத்திலோ எடுத்திருக்கிறீர்கள். அதில் எந்த இலையும் மஞ்சளாகத்தான் விழும்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு, நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் திரும்ப எடுங்கள். இலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், அளவுக்கு ஒரு 20 சென் காசு. தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் இலையின் நிறத்தை நம்பலாம். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் வேண்டாம், நரம்பெல்லாம் குழைந்துவிடுகிறது.

எடுக்க வேண்டியவை: ஒரே பக்கக் கிளையின் நுனி இலையும் அடி இலையும் ஒன்றாகத் தெரிகிற படம் ஒன்று. இலைகளின் அடிப்பக்கம். முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள இலைகள். கொடி மண்ணில் இறங்கும் தூர், மண்ணைக் கொஞ்சம் விலக்கி, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிய பிறகு. தூரைப் பார்க்காமல் மிளகில் மஞ்சளுக்கு மருந்து சொல்வது குருட்டாட்டம்.

முற்றலுக்கு வெளித்தோல் படம் போதாது. படம் 1 மாதிரிக் கொடி ஒன்று, படம் 3 கொடி ஒன்று, இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சை மணியைச் சரத்தின் மேல், நடு, நுனி என்று பிரித்து எடுத்து, பிளேடால் குறுக்கே வெட்டித் தாளில் வரிசையாக வையுங்கள். பழுத்த மணியை இதில் சேர்க்க வேண்டாம்.

அஞ்சடிக்_கடை
இழைக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கணும். என்னிடம் தொட்டியில் ஒரு மிளகுக் கொடி, மூணு வருடம், இலை கரும்பச்சையாக அழகாக இருக்கு, சரமே வரலை. அதுக்கும் கீசரைட் போடலாமா?

தூர்பார்
அக்கா, அது சத்துக் குறை இல்லை. தரையில் ஓடுகிற கொடியிலிருந்து எடுத்த துண்டாக இருக்கும். அது ஏறிப் பிடிக்க உயரம் கிடைத்தால்தான் பக்கக் கிளை விடும், சரம் பக்கக் கிளையில்தான் வரும். தொட்டிக்கு, காய்த்த கொடியின் பக்கக் கிளையையே வெட்டி வேர்பிடிக்க வைக்க வேண்டும். அது ஏறாது, புதராக நின்று காய்க்கும். மேற்கொண்டு கேட்கத் தனி இழை போடுங்க.

லாபிஸ்_கொடிக்கால்
படங்கள் ஏற்றிவிட்டேன். பார்த்ததையும் எழுதுகிறேன்.

கொடி 8 (மேட்டுப்பக்கம், படம் 1): வெட்டிய பத்தில் எட்டு வெள்ளையாக, கெட்டி. பிளேடு தடுக்கித்தான் இறங்கியது. சரத்தின் நுனியில் எடுத்த ரெண்டு மட்டும் மாவு மாதிரி நசுங்கியது. மஞ்சள் அடி இலைகளில் மட்டும்தான், நரம்பு பச்சை. நுனி இலை நல்ல பச்சை. தூரைச் சுரண்டினால் உள்ளே பச்சை-வெள்ளை.

கொடி 41 (கால்வாய் ஓரம், படம் 3): பத்தில் ஆறு உள்ளே தண்ணீர், கூழ். நாலு பால் மாதிரி. நுனி, அடி வித்தியாசம் இல்லாமல் எல்லா இலையும் தொங்கி வெளுத்திருக்கு. கீழ் இலை மூன்றில் கறுப்புப் புள்ளி, ஒன்று ஐம்பது சென் காசு அளவு. தூரைச் சுரண்டினால் கறுப்பு, ஈரம், கெட்ட வாடை. இதே மாதிரி 42ம்.

கொடி 43: 41க்கு அடுத்த வரிசை. இலை மஞ்சள், ஆனால் தூர் சுத்தமாக இருக்கு.

தூர்பார்
இந்தப் படங்கள் போதும்.

கொடி 8: மெக்னீசியம் என்று பச்சை_பசார் சொன்னது இங்கே சரி. மெக்னீசியம் போதாதபோது கொடி அதைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கும் காய்க்கும் கொடுக்கும், அதனால்தான் அடி இலை மட்டும் வெளுத்திருக்கிறது. நுனி இலை மஞ்சளாகி அடி இலை பச்சையாக நின்றிருந்தால் இரும்புச்சத்து, மண்ணின் சுண்ணாம்பு என்று வேறு பக்கம் தேட வேண்டும். கீசரைட் கொடிக்கு 50 கிராம், தூரிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகத் தூவி மண்ணால் மூடுங்கள். வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் இலைகள் அடியிலும் பச்சையாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அதில் எட்டு மணி கெட்டி என்றால் அந்தச் சரம் பறிப்புக்குத் தயார். பூச்சரத்திலிருந்து ஏழு மாதம் என்ற கணக்கும் ஒத்துப்போகிறது. நுனி இரண்டும் மாவாக இருப்பது இயல்பு, காம்புப் பக்கம்தான் முதலில் பூக்கிறது. ஆனால் சரம் தயார் என்றால் கொடி தயார் என்று அர்த்தமில்லை. அதே கொடியில் மே, ஜூனில் வந்த சரமும் தொங்கும். ஒரு மணியாவது ஆரஞ்சு காட்டிய சரத்தை மட்டும் கிள்ளுங்கள், பத்து நாளைக்கு ஒரு சுற்று. பால் நிலையில் உருவினால் காய்ந்ததும் உள்ளே ஒன்றும் இருக்காது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். முற்றிய பச்சை 100 கிலோ காய்ந்து 33 கிலோ வரும். பிஞ்சும் பாலுமாகக் கலந்தால் அது வராது. வாங்குபவர் அவசரப்படுத்தலாம், ஆனால் பதருக்கு அவர் விலையைக் குறைக்கத்தான் செய்வார்.

கொடி 41, 42: புள்ளியின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு போட்டது போல் இல்லாமல், மை கசிந்தது போல் நார் நாராக ஓடுகிறது. கறுத்த தூர், ஈரம், வாடை எல்லாம் சேர்ந்தால் பைட்டோப்தோரா தூரழுகல். அதில் கீசரைட் கொட்டினாலும் எடுத்துக்கொள்ள வேர் இல்லை. இரண்டையும் காப்பாற்ற முடியாது. காய்ந்த நாளில் வேரோடு தோண்டிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். கால்வாயில் எறிந்தால் மழைத்தண்ணீர் மற்ற வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். பாராங்கையும் மண்வெட்டியையும் கழுவாமல் மேட்டுப்பக்கம் போகாதீர்கள்.

சுற்றியுள்ள கொடிகளுக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 2 கிராம், கொடிக்கு 5 லிட்டர், தூரைச் சுற்றி மண்ணில் ஊற்றுங்கள். தரையிலிருந்து ரெண்டடி வரை இலைகளைக் கழியுங்கள். மழை தெறிக்கிற மண்தான் அந்தக் கீழ் இலைகளில் புள்ளி வைத்தது. கால்வாய் அடைப்பை மழைக்கு முன் எடுத்தே ஆகவேண்டும், தண்ணீர் நிற்கிற இடத்தில் மருந்து மட்டும் பிடிக்காது.

பச்சை_பசார்
41 பற்றி ஒத்துக்கொள்கிறேன், தூரை நான் யோசிக்கலை. ஆனால் படம் 4? கறுப்பு மணி முற்றினதுதானே?

தூர்பார்
இல்லை. கொடியில் முற்றுகிற மணி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்றுதான் போகும். பக்கத்து மணி பச்சையாக இருக்கும்போதே ஒன்று கறுத்தால் அது கேடு. பூஞ்சையா பூச்சியா என்று படம் 4ஐ வைத்துச் சொல்ல முடியாது. கறுத்ததை வெட்டிப் பாருங்கள். உள்ளே நிரம்பி, தோல் மட்டும் கறுத்து வெடித்திருந்தால் பூஞ்சை. துளையோடு உள்ளே கூடாக இருந்தால் பூச்சி. துளை இருந்தால் கிளைக் கணுவையும் பிளந்து பாருங்கள். மிளகு மூக்கு வண்டின் புழு கணுவுக்குள்தான் இருக்கும், அப்போது கிளை கிளையாக மஞ்சளாகும். பிரச்சினை எதுவானாலும் அந்த மணிகளை நல்லதோடு சேர்த்துக் காயவைக்காதீர்கள்.

லாபிஸ்_கொடிக்கால்
ஆறு வெட்டினேன். நாலு நிரம்பி இருக்கு, தோல் வெடிப்பு. ரெண்டில் துளை, உள்ளே காலி, புழு இல்லை. கணுக்கள் சுத்தம்.

மழையில் எப்படிக் காயவைப்பது என்று கேட்க மறந்துட்டேன்.

பச்சை_பசார்
இது எனக்கு நன்றாகத் தெரியும். மணியைச் சரத்திலிருந்து உதிர்த்து, கம்பிக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்க. சீக்கிரம் கறுக்கும், சீக்கிரம் காயும். பிறகு சுத்தமான விரிப்பில் மெல்லிசாகப் பரப்பணும், வெயில் இருந்தால் மூணு நாலு நாள். வெயில் இல்லாத நாளில் கூரைக்கடியில் காற்றாடி போட்டுக் கிளறிக்கிட்டே இருங்க. குவித்து வைத்தால் பூசணம். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரணும், மீட்டர் இல்லை என்றால் பல்லில் கடித்துப் பாருங்க, நசுங்காமல் சட்டென்று உடையணும்.

லாபிஸ்_கொடிக்கால்
நன்றி அண்ணே. கொடி 43தான் புரியலை. தூர் சுத்தம், புள்ளி இல்லை. ஆனால் நுனி இலையும் வெளுக்குது, மூணு மாசமாக மெதுவாக.

தூர்பார்
மெதுவாக என்பதுதான் துப்பு. தூரழுகல் இவ்வளவு பொறுமையாக இருக்காது. ஒரு கைப்பிடி மெல்லிய வேரைத் தோண்டிக் கழுவிப் படம் எடுங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. முடிச்சே இல்லாமல் வேர் பழுப்பாக அழுகியிருந்தாலும் வேறொரு நூற்புழுவாக இருக்கலாம், அதைப் படத்தில் பார்க்க முடியாது. வேரையும் சுற்று மண்ணையும் பையில் கட்டி விவசாய இலாகாவில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை 43க்கு உரம் எதுவும் வேண்டாம். 41, 42 தோண்டிய குழிகளில் உடனே புதுக் கொடி வைக்காதீர்கள்.

லாபிஸ்_கொடிக்கால்
வேர் படம் சனிக்கிழமை ஏற்றுகிறேன். இன்றைக்கு மேட்டுப்பக்கம் முதல் சுற்று, ஆரஞ்சு காட்டினது மட்டும், 14 கிலோ பச்சை.