புதுப்பிப்பு: கன்சோலா, கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

கேட்டது: "முதல் தடவை வாங்குறேன், பட்ஜெட் கம்மி, படிப்புக்கும் வேணும். மூணுல எது?"

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. டெஸ்க்டாப்தான் எடுத்தேன்: சிப் ரைசன் 5 5600ஜி, கிராஃபிக்ஸ் அதுக்குள்ளயே இருக்கு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. கன்சோல்தான் மலிவுன்னவர் சொன்னது பாதி சரி. பெட்டி மலிவு, ஆன்லைன் சந்தாவை விட்டுட்டார்.

கைகொடுத்த யோசனை, 16 ஜிபி ரேமை ஒத்தையா வாங்காம 8 ஜிபி ரெண்டா வாங்கினது. இந்தச் சிப்புக்குத் தனி வீடியோ மெமரி கிடையாது, ரேமையேதான் பங்கு போடும். ஒத்தை ரேம்னா டேட்டா போற பாதை பாதியாயிடும்.

எதிர்பாராதது: அப்படியும் கேம் திணறுச்சு. ரேமோட வேகம் 3200, ஆனா டாஸ்க் மேனேஜர்ல 2133தான் காட்டுச்சு. பயாஸ்ல, ரேமை அதோட முழு வேகத்துல ஓட விடுற XMP-ஐ ஆன் பண்ணதும் சரியாச்சு.

பின்னாடி எந்த கார்டுன்னு இன்னும் முடிவாகலை. கார்டை இணைக்கிற பாதை இந்தச் சிப்ல பழைய, வேகம் கம்மியான PCIe 3.0 மட்டும்தான், அதனால நாலே லேன் எடுக்கிற x4 கார்டு வேண்டாம்னு தோணுது.