புதுப்பிப்பு பாதியில் நின்று, மீண்டும் மீண்டும் துவங்கும் ரவுட்டர்: மீட்பு முறையில் உதவி தேவை

வணக்கம். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டதால், என் ரவுட்டர் ஏறத்தாழ 20 விநாடிக்கு ஒருமுறை விளக்குகள் அனைத்தும் அணைந்து மீண்டும் துவங்குகிறது. ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், ஏழெட்டு விநாடி மட்டும் பிங்குக்கு TTL=100 என்று பதில் வருகிறது; ரவுட்டர் நன்றாக இருந்தபோது 64 என்றே வந்ததால், இப்போது பதில் தருவது பூட்லோடர்தான் என்று கருதுகிறேன்.

கணினிக்கு 192.168.1.10 என்ற நிலையான முகவரி கொடுத்து, வைஃபையை அணைத்து, இதை இயக்கினேன்:

```
tftp -i 192.168.1.1 put firmware.trx
```

முதலில் பலமுறை தோற்றது. ரவுட்டரை அணைக்கும்போது கணினியின் லேன் இணைப்பும் அறுந்து, அது திரும்ப எழுவதற்குள் அந்த ஏழெட்டு விநாடி கழிந்துவிடுகிறது என்பது பிறகே புரிந்தது. நடுவில் ஒரு சிறிய ஸ்விட்சை வைத்ததும் கோப்பு முழுமையாகச் சென்றது. பத்து நிமிடம் மின்சாரத்தைத் தொடாமல் காத்திருந்தேன்.

இப்போதும் ரவுட்டர் நிலைக்கவில்லை. ஆனால் இடைவெளி 20 விநாடியிலிருந்து 45 விநாடியாக நீண்டிருக்கிறது. கோப்பின் ஹேஷையும், அடியில் ஒட்டியுள்ள வன்பொருள் பதிப்பு எண்ணையும் சரிபார்த்துவிட்டேன். புதிய ஃபர்ம்வேர் துவங்கியபின், என்விராமில் எஞ்சியுள்ள பழைய அமைப்புகளால் அது விழுகிறது என்று கொள்ளலாமா? டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து அவற்றை அழித்த அனுபவம் உள்ளவர்கள், எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் மட்டுமே, பெட்டியைத் திறந்து 3.3 வோல்ட் சீரியல் இணைப்பில் துவக்கச் செய்திகளைப் படிக்க எண்ணியிருக்கிறேன்.