கடைப் பெயரையும் லோகோவையும் மாற்றினோம்: அறிவிப்பில் எழுதியதும் வந்த பதில்களும்

மார்த்தாண்டம் தேன்கடை

அப்பா காலத்திலிருந்து மார்த்தாண்டம் பக்கம் தேன் அடைத்து விற்கிறோம். கடைப் பெயரின் நீளமான வாலை வெட்டிவிட்டு, லோகோவில் இருந்த தேன்பெட்டிப் படத்துக்குப் பதிலாக ஒற்றைத் தேனடை அறையை வைத்தோம். லோகோ வரைந்து முடிந்ததைவிட, அதை இன்ஸ்டாகிராமில் அறிவிக்கும் கேப்ஷனுக்குத்தான் அதிக நேரம் போனது. அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

டிசைனர் தந்தது "புதிய பயணம், புதிய அடையாளம், அதே தரம்" என்று தொடங்கியது. கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "கடைய வித்துட்டீங்களா மக்களே?" என்று கேட்டார்.

லோகோ மாறினால் ஆட்கள் முதலில் யோசிப்பது அதைத்தான், ஆள் மாறிவிட்டதா என்று. "அதே தரம்" அதற்குப் பதில் ஆகாது. கடையை விலைக்கு வாங்கிய ஆளும் அதையேதான் எழுதுவார். போன் நம்பர் அதேதானா, க்யூஆர் ஸ்கேன் செய்தால் யார் பெயர் வருகிறது என்பதையெல்லாம் வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ள முடியும். மாறாதவை என்று எழுதும்போது அப்படிப்பட்டதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். கடைசியில் போட்டது இது:

"கடையை விற்கவில்லை. பெயரும் லோகோவும்தான் மாறியிருக்கிறது, ஆட்கள் நாங்களேதான்.

மாறாதவை: கடை இருக்கும் இடம், வாட்ஸ்அப் நம்பர், லேபிளில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், க்யூஆர் ஸ்கேன் செய்தால் வரும் அப்பாவின் பெயர், அரை கிலோ, ஒரு கிலோ பாட்டில்களின் விலை.

மாறியது: முன்பக்க லேபிளும் மூடியின் நிறமும்.

பழைய லேபிள் தீரும்வரை இரண்டு விதமான பாட்டிலும் வரும். இரண்டும் நம்முடையதுதான்."

முதல் படத்தில் பழைய லோகோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். புதியதை மட்டும் போட்டால், வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் வேறு யாரோ என்று தாண்டிவிடுவார்கள். நீங்கள் யாராவது இப்படி மாற்றியிருந்தால் எழுதுங்கள்.

தக்கலை பேக்கரி

அக்கா, லோகோவுக்கு எவ்வளவு ஆச்சு? எங்களுக்கும் ஒன்று வரைய வேண்டும், ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

திங்கள்சந்தை சிப்ஸ்

நாங்கள் நேந்திரங்காய் சிப்ஸ் கவர் மாற்றியபோது இதே வேலை பார்த்தோம். ஒரு விஷயம் கவனியுங்கள். பெயர் மாறினால் எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் புதிதாக எடுக்க வேண்டும். எண்ணும் மாறிவிடும். அப்புறம் எண் மாறாது என்று எழுதியது சிக்கலாகிவிடும்.

நாகர்கோவில் லேபிள் அச்சகம்

சிப்ஸ் அண்ணே, பாதி சரி. லைசென்ஸ் எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் மாறினால் அதில் திருத்தம் கேட்க வேண்டும். முன்பக்கம் பெரிதாகப் போடும் பிராண்ட் பெயர் வேறு விஷயம். பின்பக்கம் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் லைசென்ஸில் உள்ளபடியே இருந்தால், அந்த எண்ணையே போடலாம். அக்கா, உங்கள் பின்பக்கத்தில் பழைய முழுப்பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் அச்சுக்கு வரும் புது லோகோக்களில் நான் தேடிப் பார்ப்பது வட்டத்துக்குள் இருக்கும் ஆர் குறி. பழைய லோகோவை டிரேட்மார்க் பதிவு செய்திருப்பார்கள். புதியதை வரையும்போது குறியையும் சேர்த்து இழுத்து வைத்துவிடுவார்கள். பழைய பதிவு புதுப் படத்துக்குத் தானாக வந்துவிடாது. பதிவாகாத லோகோவில் அந்தக் குறியைப் போடுவது சட்டப்படி குற்றம். பதிவு கிடைக்கும்வரை டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம்.

கேப்ஷனில் முதல் வரியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஃபீடில் ஏறக்குறைய இரண்டு வரிதான் தெரியும், மிச்சம் மடங்கிவிடும். மொத்தம் 2,200 எழுத்துகள் வரை இடம் உண்டு, ஆனால் தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். "க்" என்பதே இரண்டு. அதனால் "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்று தொடங்குகிறவர்களுக்கு, விஷயம் வருவதற்குள் அந்த இரண்டு வரியும் தீர்ந்துவிடுகிறது.

குலசேகரம் தேனீ வளர்ப்பு

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. "அதே நிறம், அதே ருசி" என்று போடவில்லை. தயவுசெய்து இனியும் போட்டுவிடாதீர்கள்.

நம் பக்கம் பெரும்பாலான தேன் ரப்பர் தோட்டத்திலிருந்து வருவது. இலை உதிர்ந்து தளிர் விடும்போது, அந்தத் தளிர் இலைக் காம்பில் ஊறும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. அந்தத் தேன் சீக்கிரம் உறையும். பாட்டிலின் அடியில் வெள்ளையாக மணல்போலப் படியும். வேறு பூவில் வந்த தேன் இவ்வளவு உறையாது, நிறமும் வேறாக இருக்கும். புது லேபிள் வரும் மாதமும் தேன் உறையும் மாதமும் ஒன்றாகிவிட்டால், "லோகோ மாத்தினதும் சர்க்கரை கலக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்ற பேச்சு வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அப்படித்தான் ஆனது. தேன் நல்ல தேன். கேப்ஷனில் நிறம் மாறாது என்று எழுதியிருந்தார்கள், வாடிக்கையாளர்கள் அந்த வரியையே படம் எடுத்து அனுப்பினார்கள்.

"சீசனுக்குத் தக்கபடி நிறமும் உறைவதும் மாறும், முன்பும் அப்படித்தான்" என்று ஒரு வரி சேருங்கள். உறைந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும் என்பதையும் சொல்லுங்கள்.

வளைகுடாவில் ஒரு குமரிக்காரன்

வாங்குகிற ஆளாகச் சொல்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் அம்மா தேன் கொடுத்துவிடுவார்கள். போனமுறை இரண்டு பாட்டில் வந்தது, இரண்டிலும் வேறு வேறு லேபிள். ஒன்று போலி என்று நினைத்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பாட்டிலின் பின்பக்கத்தையும் சேர்த்து வைத்து அந்த 14 இலக்கத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றாக இருந்தது, சமாதானம் ஆனது.

அம்மா இன்ஸ்டாகிராம் பார்ப்பதில்லை. இரண்டு விதமான பாட்டிலும் வரும் என்ற வரியை ஒரு சின்னச் சீட்டாகப் பாட்டில் கழுத்தில் கட்டிவிட்டால் என்ன?

திங்கள்சந்தை சிப்ஸ்

விலை மாறாது என்று எழுதியது எனக்கு ஒப்பவில்லை. தேங்காய் எண்ணெய் விலை ஏறினால் எங்களால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. எங்கள் பக்கத்துக் கடைக்காரர் புதுக் கவரோடு சேர்த்து 200 கிராமை 180 ஆக்கினார். கேப்ஷனில் அதைச் சொல்லவே இல்லை. ஆட்கள் எடையைக் கண்டுபிடித்த பிறகு, அவர் மாறவில்லை என்று சொன்ன மற்றதையும் நம்பவில்லை.

மார்த்தாண்டம் தேன்கடை

பேக்கரித் தங்கச்சி, லோகோ வரைந்தது சொந்தக்காரப் பையன், நம்பர் தனியாக அனுப்புகிறேன்.

பின்பக்கத்தில் பழைய முழுப்பெயர்தான் இருக்கிறது, லைசென்ஸும் அதே பெயரில்தான். உறைவது பற்றிய வரியை இன்றைக்கே சேர்க்கிறேன், கழுத்துச் சீட்டும் அடிக்கக் கொடுக்கிறேன். விலைக்கு "இந்த சீசன் தேன் தீரும்வரை" என்று எல்லை போட்டுவிடுகிறேன். எடை குறையாது, அதில் மாற்றமில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். இன்ஸ்டாகிராம் யூசர்நேமை இன்னும் மாற்றவில்லை. உடனே மாற்றலாமா?

நாகர்கோவில் லேபிள் அச்சகம்

பழைய லேபிளில் அந்த யூசர்நேம் அச்சாகியிருந்தால் இப்போது வேண்டாம். மாற்றினால் பழைய முகவரியில் தேடுகிறவர்களுக்குப் பக்கம் கிடைக்காது, அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்துவிடவும் வழி இருக்கிறது.

தக்கலை பேக்கரி

நாங்கள் கடைப் பெயரை மாற்றியபோது, அறிவித்த அன்றே யூசர்நேமையும் மாற்றினோம், அண்ணா. ஒருவரும் கேட்கவில்லையே.

நாகர்கோவில் லேபிள் அச்சகம்

உங்கள் கேக் டப்பாவில் யூசர்நேம் போட்டிருந்தீர்களா?

தக்கலை பேக்கரி

இல்லை, போன் நம்பர் மட்டும்தான்.