சிறிய குளியலறை: துண்டுக் கம்பி, கொக்கி, வளையம் எந்த உயரத்தில்?

மடிப்பாக்கம்வாசி
குளியலறை 7 அடி நீளம், 4½ அடி அகலம். குறுகிய சுவரில் 30 அங்குலக் கதவு. உள்பக்கம் திறந்து இடது சுவரை ஒட்டி நிற்கும். வலது சுவரில் வாஷ்பேசின், அடுத்து வெஸ்டர்ன் கழிப்பறை, கடைக்கோடியில் ஷவர். இடது சுவர் முழுவதும் காலி. நாங்கள் இருவர், 6 வயது மகள், 70 வயது மாமியார். 24 அங்குலக் கம்பி ஒன்று, கொக்கிகள் நான்கு, வளையம் ஒன்று வாங்கியாகிவிட்டது. எல்லாவற்றையும் 5 அடி உயரத்தில் அடித்துவிடலாம் என்கிறார் பிளம்பர். டைல்ஸில் ஓட்டை போட்டால் போட்டதுதான் என்பதால் முன்கூட்டியே கேட்கிறேன்.

கேட்லாக் பிரியன்
கம்பிக்கு 48 அங்குலம் என்றுதான் எங்கும் போட்டிருப்பார்கள். ஃப்ளஷ் டேங்குக்கு மேலே சுவர் சும்மாதானே கிடக்கிறது, அங்கே அடித்துவிடுங்கள்.

பழைய ஃபிட்டர்
48 தவறில்லை, கீழே எதுவும் இல்லாத சுவராக இருந்தால். முதலில் துண்டை அளக்க வேண்டும். 60 அங்குலக் குளியல் துண்டை இரண்டாக மடித்துப் போட்டால் 30 அங்குலம் தொங்கும். 48இல் கம்பி என்றால் துண்டின் நுனி 18 அங்குலத்துக்கு வந்துவிடும். டேங்கின் மேல்பகுதி 32 அங்குலத்தில் இருக்கிறது என்று வையுங்கள், துண்டு அதன்மேல்தான் கிடக்கும். கம்பியை 5½ அடிக்கு ஏற்றினால் டேங்கைத் தாண்டிவிடும், ஆனால் உட்காருபவரின் தலையில் உரசும். அந்த இடமே வேண்டாம்.

இடது சுவரைப் பாருங்கள். மொத்தம் 84 அங்குலம். ஷவர் பக்கம் 33 அங்குலம் வரை தண்ணீர் தெறிக்கும். கதவு 30. நடுவில் மிஞ்சுவது 21. உங்கள் கம்பி அங்கே நுழையாது. கதவுக்குப் பின்னால் உள்ள சுவரில் 5 அடி உயரத்தில் அடியுங்கள். குளிக்கும்போது கதவு மூடியிருக்கும், அந்தச் சுவர்தான் அறையிலேயே அதிகம் நனையாத இடம். கம்பி 3 அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கதவு அதில் இடிக்காமல் இருக்கத் தரையில் ஒரு ஸ்டாப்பர் போடுங்கள். மிச்சமுள்ள 21 அங்குலத்தில் பெரியவர்களுக்கு இரண்டு கொக்கிகள், 5½ அடியில்.

மடிப்பாக்கம்வாசி
குளித்து முடித்துக் கதவைத் திறந்து வைத்தால் ஈரத்துண்டு கதவுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளுமே ஐயா? வாடை வராதா?

பழைய ஃபிட்டர்
வரும். கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் போதாது. துண்டு பால்கனிக்குத்தான் போக வேண்டும். கொக்கியில் மாட்டிய துண்டு சுருங்கிக் குவிந்து தொங்குவதால் இன்னும் மெதுவாகக் காயும். கம்பியைத் தடித்த துண்டுக்கும் கொக்கியை மெல்லிய ஈரிழைத் துண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு
எங்கள் வீட்டுக்காரர் ஓட்டை போட விடமாட்டார். வெற்றிடக் கொக்கி ஒட்டினேன், இரவோடு இரவாக விழுந்துவிட்டது. எது நிற்கும்?

பழைய ஃபிட்டர்
சொரசொரப்பான டைல்ஸில் அது நிற்காது. கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கி வாங்குங்கள். அதற்குத் தனியாகக் கேட்டால் நல்லது, இங்கே இவர் கேள்வி திசைமாறிவிடும்.

கோமதி அக்கா
மாமியாரைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் அம்மா கழிப்பறையிலிருந்து எழும்போது எட்டியதைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் துண்டுக் கம்பியைப் பிடித்தார், பிளக்கோடு திருகு வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, பேசின் பக்கம் சாய்ந்தார். கழிப்பறையிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் துண்டுக் கம்பி எதுவும் வேண்டாம். அங்கே தனியாகப் பிடிமானக் கம்பி, 33 முதல் 36 அங்குல உயரத்தில், உறுதியான சுவரில் போடுங்கள். அவருடைய துண்டுக்கான கொக்கியை 4 அடியில் வையுங்கள், தோளை உயர்த்த வேண்டியிராது. மகளுக்கு 40 அங்குலம்.

பழைய ஃபிட்டர்
பிடிமானக் கம்பி பற்றிச் சொன்னது முற்றிலும் சரி அம்மா. மகள் விஷயத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. 6 வயதுக் குழந்தைக்கு 40 அங்குலம் ஏறக்குறைய கண்மட்டம். ஈரத்தரையில் வழுக்கினால் கொக்கி முகத்தில் குத்தும். 46 அங்குலம் வைத்தால் கையைத் தூக்கி மாட்டிக்கொள்வாள்.

கோமதி அக்கா
46இல் வைத்தால் மாட்ட மாட்டாள், தரையில்தான் போடுவாள். உருண்டை முனைக் கொக்கி வாங்கினால் குத்தாதே?

மடிப்பாக்கம்வாசி
அவளையே நிற்க வைத்துப் பென்சிலால் குறித்துப் பார்க்கிறேன். வளையம்?

பழைய ஃபிட்டர்
பேசின் விளிம்புக்கு மேல் 20 அங்குலம், கழிப்பறைப் பக்கம் அல்லாமல் கதவுப் பக்கமாக. கைத்துண்டின் நுனி விளிம்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். குழாய்க்கு நேர் மேலே மட்டும் துளையிட விடாதீர்கள். சுவருக்குள் பைப் பெரும்பாலும் குழாயிலிருந்து நேராகத்தான் ஏறும். டைல்ஸ் ஒட்டும் முன் எடுத்த போட்டோ இருந்தால் பிளம்பரிடம் காட்டுங்கள்.