புதுப்பிப்பு: குடும்பச் சேமிப்பிடம், தாத்தாவின் 61 ஜிபி

முன்பு கேட்டது: "ஆறு பேருக்கு 200 ஜிபி கூகுள் ஒன் திட்டம். நிரம்பிவிட்டது. ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்க முடியுமா?"

விவரம் தெரிந்த ஒருவர் சொன்னதே சரி. ஆளுக்கு வரம்பு வைக்க வழியில்லை. யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கலாம். பார்த்தேன். மகனின் காணொளிகள்தாம் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். முதலிடம் தாத்தாவுக்கு, 61 ஜிபி!

அவர் படமே எடுப்பதில்லை. கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் கோப்புறைக்கும் காப்புப்பிரதி இயங்கியிருக்கிறது. காலை வணக்கப் படங்களும் பக்திக் காணொளிகளும் ஒன்று விடாமல் மேலே ஏறியிருந்தன. அதை நிறுத்தினேன்.

"போனில் அழித்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிதான் சரி. வாட்ஸ்அப்பில் அழித்தபோது மேலே இருந்த பிரதி அப்படியே இருந்தது. போட்டோஸ் செயலிக்குள் அழித்த பிறகும் அளவு குறையவில்லை. குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்குமாம். அதுவரை அதற்கும் கணக்கு உண்டு. தாத்தாவை அருகில் உட்காரவைத்து, பேத்தியின் படங்களைத் தனியே எடுத்துவைத்த பின்பே தொட்டியைக் காலி செய்தேன். இப்போது அவர் கணக்கில் 9 ஜிபி. அது அவரவருக்கு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் அடங்கிவிடுவதால், பொதுப் பங்கைத் தொடுவதே இல்லை.

மெமரி கார்டு வாங்கச் சொன்னவருக்கு நன்றி. என் சிக்கல் போன் நினைவகம் அல்ல.

மகன் 4கே பதிவை விட மறுக்கிறான். பேச்சுவார்த்தை நடக்கிறது.