முன்பக்கம் 'குளூட்டன் ஃப்ரீ', பின்பக்கம் 'பார்லி': இந்த பீரை அவர் குடிக்கலாமா?

தேம்ஸ்கரை:
லண்டனில் இருக்கிறோம். என் கணவருக்குப் போன வருடம், கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் என்று உறுதியானது. சிறுகுடலில் திசு எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் கோதுமை, ரவை எதுவும் கிடையாது. மைதா கலந்த கட்டிப் பெருங்காயத்தைக்கூட மாற்றிவிட்டேன். பீரை மட்டும் அவரால் விட முடியவில்லை. கடையில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று பெரிதாகப் போட்ட லாகர் ஒன்று கிடைத்தது. ஒருமுறை வீட்டில் ஒரு பாட்டில் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. போன வெள்ளிக்கிழமை வெளியே அதையே இரண்டு குடித்தார். சனிக்கிழமை முழுக்க வயிறு உப்பி, நாலைந்து முறை போனார். அப்புறம்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பொருட்கள் பட்டியலில் தடித்த எழுத்தில் 'பார்லி மால்ட்' என்று இருக்கிறது. பார்லியிலும் குளூட்டன் உண்டுதானே? லேபிள் பொய்யா?

சுக்குமல்லி:
பயப்படாதீர்கள் சகோ. புளிக்கும்போது ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிடும். குளூட்டன் பார்க்கும் சோதனைக் கீற்று வாங்கி நானே சாதாரண லாகரில் முக்கிப் பார்த்தேன், கோடே விழவில்லை. என் பெண்ணுக்கும் சீலியாக் என்பதால் வீட்டில் அந்தக் கீற்று எப்போதும் இருக்கும்.

நுரைமட்டம்:
அக்கா, லேபிள் பொய்யில்லை. ஆனால் அது சொல்லும் விஷயம் நீங்கள் நினைத்தது இல்லை. பெல்ஜியத்தில் ஒரு பீர் ஆலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பெயரில் இரண்டு வகை பீர் விற்கிறது. ஒன்று சோளம், பனிவரகு, பக்வீட், அரிசி என்று குளூட்டனே இல்லாத தானியத்தில் தொடங்குவது. மற்றது வழக்கம்போல் பார்லியில் காய்ச்சிவிட்டு, ஈஸ்ட் போடும்போது கூடவே ஒரு நொதியைச் சேர்ப்பது. உங்கள் பாட்டில் இரண்டாவது வகை.

பார்லியின் குளூட்டன் நீளமான சங்கிலி. அதில் புரோலின் என்ற கண்ணி அடிக்கடி வரும். நம் வயிற்றின் நொதிகளுக்கு அந்த இடத்தில் வெட்ட வராது, வெட்டாமல் விட்ட துண்டுதான் சீலியாக் உள்ளவரின் குடலில் போய் வம்பு செய்கிறது. ஆலையில் போடும் நொதி சரியாகப் புரோலினிலேயே வெட்டும். முதலில் அதைக் கொண்டுவந்தது, குளிரவைத்த பீர் கலங்காமல் தெளிவாக இருக்கத்தான். குளூட்டன் அளவும் விழுகிறது என்பது பிறகு வந்த பயன்.

இப்படி வெட்டிய பிறகு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே வந்தால் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதலாம். பார்லியைத் தடித்த எழுத்தில் காட்டுவதும் சட்டம்தான். அதனால்தான் ஒரே பாட்டிலில் இரண்டும் நிற்கிறது. இதையே அமெரிக்காவில் விற்றால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட முடியாது, 'குளூட்டனை நீக்கப் பதப்படுத்தியது' என்கிற மாதிரிதான் எழுதலாம். புளிக்கவைக்கும் பொருள் தொடங்கும்போதே குளூட்டன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று 2020இல் அங்கே விதி வந்தது.

சுக்குமல்லி, ஈஸ்ட் தின்பது சர்க்கரையை. இந்தப் புரதத்தை அது பெரிதாகத் தொடாது. கீற்றில் கோடு விழாததற்குக் காரணம் வேறு. ரொட்டிக்கும் மாவுக்கும் செய்த கீற்று, புரதத்தை இரண்டு இடத்தில் பிடித்தால்தான் கோடு காட்டும். பீரில் இருப்பது சிறு துண்டுகள். ஒரு பிடிதான் கிடைக்கும், கீற்றுக்கு அது தெரியாது. ஆய்வகத்தில் பீருக்கு ஒரு பிடியிலேயே எண்ணும் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கீற்றை நம்பிப் பெண்ணுக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

சுக்குமல்லி:
இது எனக்குத் தெரியாது. சோயா சாஸையும் அதில்தான் சோதித்தேன். அதுவும் புளிக்கவைப்பதுதானே. இன்றே எடுத்து வைக்கிறேன்.

மெல்பர்ன்வாசி:
ஆஸ்திரேலியாவில் பார்லி பீருக்கு இந்தப் பெயரே தர மாட்டார்கள். இங்கே 'குளூட்டன் ஃப்ரீ' என்றால் சோதனையில் ஒன்றுமே தென்படக் கூடாது, மால்ட் ஆக்கிய பார்லியும் கூடாது. லண்டன் வந்தபோது பழக்கத்தில் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கி நானும் ஏமாந்தேன்.

பனங்கற்கண்டு:
எனக்குக் கோதுமை பீர் குடித்தால் மூக்கு அடைத்துத் தலை வலிக்கிறது. நானும் இந்த வகைக்கு மாறலாமா?

நுரைமட்டம்:
உங்களுடையது சீலியாக் மாதிரி தெரியவில்லை. கோதுமை ஒவ்வாமையாகவோ, பீரில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளாகவோ இருக்கலாம். நொதி போட்ட பீர் அதற்கு மருந்தில்லை. ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள்.

அக்கா, ஒன்று கேட்க விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பீரோடு என்ன சாப்பிட்டார்? பாட்டிலா, குழாயில் பிடித்ததா?

தேம்ஸ்கரை:
பப்பில், பாட்டில்தான். கூட சிப்ஸ் சாப்பிட்டார். வெறும் உருளைக்கிழங்குதானே என்று விட்டுவிட்டேன்.

நுரைமட்டம்:
மாவில் தோய்த்த மீனைப் பொரித்த அதே எண்ணெயில் சிப்ஸ் போட்டிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பல பப்களில் எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான். கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அதற்காகப் பீர் தப்பித்தது என்றும் சொல்ல மாட்டேன். வெட்டிய துண்டுகளில் எது இன்னும் குடலைச் சீண்டும் என்பது முடிந்த விவாதம் இல்லை. பிரிட்டனின் சீலியாக் அமைப்பு 20க்குக் கீழே இருந்தால் குடிக்கலாம் என்கிறது, கனடாவின் அமைப்பு வேண்டாம் என்கிறது.

மெல்பர்ன்வாசி:
அப்படியானால் வீட்டில் பீர் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமே?

நுரைமட்டம்:
வேண்டாம். வயிறு ஒன்றும் சொல்லாமலே குடல் பழுதாகலாம். அடுத்த ரத்தப் பரிசோதனை வரை பார்லி பீரை நிறுத்திவிட்டு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் எண் இறங்குகிறதா என்று உணவியல் நிபுணரோடு பார்ப்பதுதான் சரி.

வரகுவயல்:
நான் லெஸ்டரில் வீட்டிலேயே பனிவரகு மால்ட்டில் காய்ச்சுகிறேன். முதல் தடவை பார்லி மாதிரியே 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். அயோடின் ஒரு சொட்டு விட்டால் கறுநீலம். மாவுச்சத்து சர்க்கரையே ஆகவில்லை. பனிவரகின் மாவு வேக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் மாவைச் சர்க்கரையாக்கும் மால்ட்டின் நொதி செத்துவிடும். இதுதான் சிக்கல்.

இப்போது 20 லிட்டருக்கு 7 கிலோ போடுகிறேன். முதலில் 50 டிகிரியில் அரைமணி நேரம். நொதி தண்ணீரில் இறங்கியதும் மேலே தெளிந்ததை மொண்டு தனியே வைப்பேன். அடியில் இருக்கும் கெட்டியை மட்டும் 85 வரை சூடாக்கிக் கஞ்சியாக வேகவைத்து, 65க்கு ஆறியதும் தெளிவைத் திரும்ப ஊற்றுவேன். ஒன்றரை மணி நேரத்தில் அயோடின் நிறம் மாறுவதில்லை. பனிவரகு வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும், நெல் உமி நாலு கைப்பிடி கலப்பேன். ஈஸ்ட் உலர்ந்த பாக்கெட்தான். ஆலையில் பார்லிச் சாற்றில் வளர்ந்த ஈஸ்ட்டை யாராவது கொடுத்தால் வாங்க மாட்டேன்.

தேம்ஸ்கரை:
பப்புக்கு போன் போட்டேன். ஒரே எண்ணெய்ச் சட்டிதானாம்.

இன்று சோளமும் பக்வீட்டும் போட்ட பீர் நாலு பாட்டில் வாங்கினேன். பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் எந்தத் தானியமும் இல்லை. ரத்தப் பரிசோதனை அடுத்த மாதம். இன்னும் ஒரு கேள்வி: சைடரும் விஸ்கியும்?

நுரைமட்டம்:
சைடர் ஆப்பிள்தான், ஆனால் சுவையூட்டியதில் மால்ட் இருக்கிறதா என்று பாருங்கள். விஸ்கி பார்லியில் செய்தாலும் காய்ச்சி வடிக்கும்போது புரதம் கொப்பரையிலேயே நின்றுவிடும். வடித்த பிறகு எதையாவது கலந்த மதுவில் மட்டும் கவனம். 'ரை' ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்யும் குவாஸ் வேண்டவே வேண்டாம், ரையிலும் குளூட்டன் உண்டு. சிலர் அதைக் கம்பு என்று எழுதுவார்கள், ஆனால் அது நம் கம்பு இல்லை.

சுக்குமல்லி:
ஹார்லிக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோதுமை, மால்ட் ஆக்கிய பார்லி இரண்டுமே உண்டு. என் மாமியார் அதைச் சத்து பானம் என்று நினைத்து என் பெண்ணுக்கு இரண்டு வாரம் கொடுத்துவிட்டார்.